நாம் செய்யாத கார்டு செலவுக்கு பேங்க் மேனேஜருக்குப் புகார்க் கடிதம்: அட்டவணையோடு எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

திருமங்கலத்தில் நாங்கள் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே இரண்டு பேங்க் இருப்பதால், "எழுதிக் கொண்டு வாங்க" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் நேராக எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். கார்டில் தெரியாத செலவு விழுந்தது பற்றிய கடிதங்கள் நிறைய அடித்திருக்கிறேன். அவற்றில் பல திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்ததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். கடிதத்தில் நடந்த கதை முழுக்க இருக்கும், எந்தத் தேதியில் எவ்வளவு போனது என்பது மட்டும் தெளிவாக இருக்காது.

இதை ஓய்வுபெற்ற ஒரு டீச்சரின் கடிதத்தை வைத்தே விளக்குகிறேன். 2025 ஜூன் 12, வியாழக்கிழமை இரவு அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது டெபிட் கார்டிலிருந்து நான்கு முறை பணம் போயிருக்கிறது. காலையில் போனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

## 1. எழுத உட்காருவதற்கு முன் கார்டை முடக்குங்கள்

கடிதம் இரண்டாவது வேலை. முதல் வேலை, பேங்கின் 24 மணி நேர ஹெல்ப்லைனுக்குப் போன் செய்து கார்டை முடக்குவது. அந்த எண் கார்டின் பின்புறத்தில் இருக்கும். இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். பேங்க் பெயரில் போலி எண்கள் அங்கே உலாவுகின்றன.

"கார்டை பிளாக் பண்ணியாச்சு" என்று அவர்கள் சொன்னதும் போனை வைத்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பிளாக் செய்வது வேறு, புகார் பதிவது வேறு. "இந்த நான்கு பரிவர்த்தனையும் நான் செய்யவில்லை, புகாராகப் பதிந்து எண் கொடுங்கள்" என்று கேட்டு, அந்த எண்ணையும் போன் செய்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டீச்சர் காலண்டர் தாளின் பின்பக்கம் "7.20 காலை" என்று எழுதி, அதன் கீழேயே புகார் எண்ணையும் எழுதி வைத்திருந்தார். அவருடைய வழக்கில் மிக உதவிய துண்டுச் சீட்டு அதுதான்.

காரணம் இது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி வெளியிட்டு, டீச்சர் புகார் கொடுத்தபோது நடப்பில் இருந்த விதிகளின்படி, நஷ்டம் யார் தலையில் விழும் என்பது நீங்கள் எப்போது தெரிவித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் மீதும் தவறில்லை, பேங்க் மீதும் தவறில்லை, வெளியே எங்கோ நடந்த திருட்டு என்றால், பேங்கிலிருந்து தகவல் வந்ததிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டமே கிடையாது. நான்கு முதல் ஏழு வேலை நாள் ஆகிவிட்டால் ஒரு பகுதியை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அது ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். ஏழு நாளும் தாண்டிவிட்டால் அந்தந்த பேங்கின் கொள்கைப்படிதான்.

அப்புறம் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் கூப்பிடுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் பதியுங்கள். அங்கே கிடைக்கும் ஒப்புகை எண்ணும் கடிதத்தில் வர வேண்டும்.

## 2. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

கடைக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் வெறும் போனோடு வருகிறார்கள். எஸ்.எம்.எஸ். மட்டும் போதாது. பேங்கில் கடிதத்தைப் பார்ப்பவர் அதை ஸ்டேட்மென்ட் வரியோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார். அதனால் சம்பவத்துக்கு முந்தைய பத்து நாளிலிருந்து எழுதும் நாள் வரைக்குமான ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்புக்கில் பதிவு போட்டும் வரலாம். ஆனால் பாஸ்புக்கில் கடையின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும், ரெஃபரன்ஸ் எண் முழுதாக வராது. ஸ்டேட்மென்ட்தான் நல்லது.

எஸ்.எம்.எஸ்.களை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வந்த தேதியும் நேரமும் படத்தில் தெரிய வேண்டும். எடுத்த பிறகும் மூல எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்காதீர்கள்.

## 3. உண்மையிலேயே தெரியாத வரிகளை மட்டும் பிரித்தெடுங்கள்

டீச்சர் ஸ்டேட்மென்ட்டில் சிவப்புப் பேனாவால் ஆறு வரிகளைச் சுழித்துக் கொண்டுவந்தார். "தம்பி, இது எதுவுமே நான் வாங்கினது இல்ல" என்றார். முதல் சுழியைப் பார்த்தேன். ஜூன் 11, மாலை 6 மணி சுமாருக்கு, 640 ரூபாய், ஸ்வைப் மெஷினில் தேய்த்தது. மற்ற வரிகள் எல்லாம் நள்ளிரவை ஒட்டி ஆன்லைனில் நடந்தவையும் அவற்றுக்கான கட்டணமும்தான். இது மட்டும் ஒட்டவில்லை.

"டீச்சர், அன்னைக்கு சாயங்காலம் எங்கே போனீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சாருக்கு மதுரை அண்ணா நகரில் பிரஷர் மாத்திரை வாங்கியதைச் சொன்னார். மருந்துக் கடையின் போர்டில் ஒரு பெயர், ஸ்வைப் மெஷின் பதிவில் உரிமையாளரின் வேறொரு நிறுவனத்தின் பெயர். அவ்வளவுதான். அந்த வரியை எடுத்துவிட்டோம்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், நீங்களே செய்த ஒரு செலவு பட்டியலில் இருந்தால் பேங்க் அதை இரண்டே நிமிடத்தில் நிரூபித்துவிடும். அதன் பிறகு மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் வீட்டில் எல்லோரையும் கேளுங்கள். பிள்ளைகள் கார்டைப் பதிந்து வைத்த ஆப், ஆண்டுச் சந்தா தானாகப் புதுப்பித்துக்கொண்டது, பெட்ரோல் பங்க், ஹோட்டல் ஆகிய இடங்களில்தான் பெயர் குழப்பம் அதிகம்.

சிறிய தொகையை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். டீச்சர் கார்டில் முதலில் போனது வெறும் 86 ரூபாய் 50 காசு. கார்டு வேலை செய்கிறதா என்று திருடுகிறவர்கள் இப்படிச் சின்னத் தொகையில் சோதித்துப் பார்ப்பது வழக்கம். "அது போகட்டும் தம்பி, பெரிசை மட்டும் எழுதுங்க" என்று டீச்சரும் சொன்னார். நான் விடவில்லை. முதலில் சின்னத் தொகை, மூன்று நிமிடம் கழித்துப் பெரிய தொகை என்ற வரிசையே இது திருட்டு என்பதற்கு ஓர் அடையாளம்.

## 4. கடிதத்துக்கு முன் அட்டவணையைப் போடுங்கள்

அட்டவணையை முடித்துவிட்டுக் கடிதத்துக்கு வாருங்கள். எத்தனை வரி, மொத்தம் எவ்வளவு என்பது அட்டவணையில் உறுதியான பிறகுதான் கடிதத்தில் எழுத முடியும். முதலில் கடிதத்தை அடித்தால் அதில் ஒரு தொகை, அட்டவணையில் ஒரு தொகை என்று வந்து நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. மேனேஜர் இந்தக் கடிதத்தைத் தானே தீர்த்துவைப்பதில்லை. கார்டு தகராறுகளைப் பார்க்கும் பிரிவுக்கு அனுப்புவார். அது பெரும்பாலும் வேறு ஊரில் இருக்கும், அங்கே இருப்பவருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள், அதில் தடையில்லை. ஆனால் அட்டவணையின் தலைப்பு வரியில் தமிழோடு ஆங்கிலத்தையும் போட்டுவிடுங்கள். எண்களைப் படிக்க யாருக்கும் மொழி வேண்டாம்.

டீச்சருக்குப் போட்ட அட்டவணை இது. இங்கே ரெஃபரன்ஸ் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் காட்டுகிறேன், உங்கள் கடிதத்தில் முழு எண்ணும் வேண்டும். கடையின் பெயருக்கு ஒரு பத்தி தனியாக இருந்தது, இடம் கருதி அதை விட்டிருக்கிறேன்.

| வ. எண் | நடந்த தேதி, நேரம் | கணக்கில் பதிவான தேதி | ரெஃபரன்ஸ் எண் | எஸ்.எம்.எஸ். வந்த நேரம் | தொகை (ரூ.) |
|---|---|---|---|---|---:|
| 1 | 12.06.2025, இரவு 11.41 | 13.06.2025 | …4417 | இரவு 11.41 | 86.50 |
| 2 | 12.06.2025, இரவு 11.44 | 13.06.2025 | …4482 | இரவு 11.44 | 4,310.00 |
| 3 | 12.06.2025, இரவு 11.46 | 13.06.2025 | …4503 | இரவு 11.47 | 4,310.00 |
| 4 | 13.06.2025, நள்ளிரவு 12.03 | 13.06.2025 | …0126 | நள்ளிரவு 12.03 | 8,620.00 |
| 5 | வரி 1 முதல் 4 வரைக்கான வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம், ஜி.எஸ்.டி. உட்பட | 16.06.2025 | …7790 | வரவில்லை | 715.58 |
| | | | | மொத்தம் | 18,042.08 |

இதில் தடுமாறும் இடங்களைச் சொல்கிறேன்.

தேதிக்கு இரண்டு பத்தி இருப்பதைக் கவனியுங்கள். செலவு நடந்த தேதியும் ஸ்டேட்மென்ட்டில் பதிவான தேதியும் பல நேரம் ஒன்றாக இருக்காது. ஒன்றை மட்டும் எழுதினால், "12-ஆம் தேதி அப்படி எதுவும் இல்லையே" என்று கவுண்டரில் சொல்லிவிடுவார்கள். நள்ளிரவைத் தாண்டிய நான்காவது வரியை "12-ஆம் தேதி ராத்திரி" என்றுதான் டீச்சர் சொன்னார். எழுதும்போது அது 13-ஆம் தேதி.

மூன்றாவது வரி இரண்டாவதன் நகல் இல்லை. தொகை ஒன்று, கடை ஒன்று, இரண்டு நிமிட வித்தியாசம். தவறுதலாக இரண்டு முறை அடித்துவிட்டோம் என்று நினைத்து ஒன்றை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. ரெஃபரன்ஸ் எண் வேறு வேறாக இருந்தால் இரண்டும் தனித்தனிப் பரிவர்த்தனை.

ஐந்தாவது வரியைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். வெளிநாட்டுக் கடையில் கார்டைப் பயன்படுத்தினால் பேங்க் ஒரு கட்டணமும், அதற்கு ஜி.எஸ்.டி.யும் பிடிக்கும். அது சில நாள் கழித்துத் தனி வரியாக வந்து விழலாம். செலவே நம்முடையது இல்லை என்றால் கட்டணமும் நம்முடையது இல்லை. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

தொகையை முழு ரூபாயாக ஆக்காதீர்கள். 86.50-ஐ 87 என்று எழுதினால் தேடும்போது அந்த வரி கிடைக்காது. பைசா வரை எழுதி, வலப்பக்கம் ஒட்டி நிறுத்துங்கள். மொத்தத்தை கால்குலேட்டரில் இரண்டு முறை கூட்டிப் பாருங்கள். கடையின் பெயரை ஸ்டேட்மென்ட்டில் உள்ளபடியே, ஆங்கில எழுத்தில், புள்ளி மாறாமல் எழுதுங்கள்.

எஸ்.எம்.எஸ். வந்த நேரத்துக்கு ஏன் ஒரு பத்தி என்றால், மூன்று வேலை நாள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. நீங்கள் எப்போது படித்தீர்கள் என்பது கணக்கில் வராது, எப்போது வந்தது என்பதே கணக்கு.

## 5. இப்போது கடிதம்

அட்டவணை வேலையைச் செய்துவிட்டதால் கடிதம் சின்னதாகவே இருக்கும். டீச்சருக்கு அடித்தது கீழே.

> அனுப்புநர்
> பெயர், முகவரி, கைபேசி எண்
>
> பெறுநர்
> கிளை மேலாளர் அவர்கள்,
> வங்கியின் பெயர், கிளை, ஊர்
>
> நாள்: 16.06.2025
>
> பொருள்: நான் செய்யாத 4 டெபிட் கார்டு பரிவர்த்தனைகள் – மொத்தம் ரூ. 18,042.08-ஐத் திரும்ப வரவு வைக்கக் கோருதல்.
>
> பார்வை: ஹெல்ப்லைன் புகார் எண் ______, நாள் 13.06.2025, காலை 7.20. சைபர் குற்றப் புகார் ஒப்புகை எண் ______.
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> தங்கள் கிளையில் எனக்கு ______ என்ற எண்ணில் சேமிப்புக் கணக்கு உள்ளது. அதனுடன் இணைந்த, ____ என முடியும் டெபிட் கார்டிலிருந்து, கீழே அட்டவணையில் உள்ள வரி 1 முதல் 4 வரையிலான பரிவர்த்தனைகள் 12.06.2025 இரவு 11.41 முதல் 13.06.2025 நள்ளிரவு 12.03 வரை நடந்துள்ளன. இவற்றை நானோ என் குடும்பத்தாரோ செய்யவில்லை. வரி 5 இவற்றுக்காகப் பிடிக்கப்பட்ட கட்டணம்.
>
> அந்த நேரத்தில் கார்டு என்னிடமே இருந்தது. எனக்கு ஓ.டி.பி. எதுவும் வரவில்லை. கார்டு விவரத்தையோ பின் எண்ணையோ நான் யாருக்கும் சொல்லவில்லை.
>
> (அட்டவணை)
>
> 13.06.2025 காலை 7.20 மணிக்கு ஹெல்ப்லைனில் புகார் பதிந்து கார்டை முடக்கினேன். தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்திருப்பதால், ரிசர்வ் வங்கியின் 06.07.2017 விதிகளின்படி முழுத் தொகையையும் 10 வேலை நாட்களுக்குள் என் கணக்கில் வரவு வைக்கவும், விசாரணை முடிவை எழுத்தில் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)
>
> இணைப்பு: ஸ்டேட்மென்ட் 2 பக்கம், எஸ்.எம்.எஸ். படங்கள் 4, சைபர் குற்றப் புகார் ஒப்புகை நகல்.

"ஓ.டி.பி. வராம எப்படிங்க பணம் போகும்?" என்று எல்லோருமே கேட்கிறார்கள். நம் நாட்டுக் கடைகளில் ஆன்லைனில் கார்டைப் பயன்படுத்தும்போது ஓ.டி.பி. போன்ற கூடுதல் சரிபார்ப்பு இருக்கும். வெளிநாட்டுத் தளங்கள் சில, கார்டு எண்ணும் பின்பக்கத்து மூன்று இலக்கமும் இருந்தாலே பணத்தை எடுத்துவிடும். அதனால் ஓ.டி.பி. வரவில்லை என்பதைக் கடிதத்தில் தனி வாக்கியமாகவே எழுதுங்கள்.

உண்மையில் ஓ.டி.பி. சொல்லியிருந்தால் "சொல்லவில்லை" என்று எழுதாதீர்கள். நான் கடிதம் அடிக்கும் முன் எல்லோரிடமும் இதை ஒருமுறை தனியாகக் கேட்டுவிடுவேன். விவரத்தைப் பகிர்ந்த காரணத்தால் போன பணத்துக்கு, பேங்குக்குத் தெரிவிக்கும் வரை நீங்கள்தான் பொறுப்பு. தெரிவித்த பிறகு போனால் பேங்க் பொறுப்பு. ஆகவே அந்த நிலையிலும் புகார் நேரம் உங்களுக்கு உதவும். பொய் மட்டும் உதவாது.

கார்டின் 16 இலக்கத்தையும் எழுத வேண்டாம். கடைசி நான்கு போதும். பின் எண்ணையும் பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் எந்தக் கடிதத்திலும் எழுதக் கூடாது. ஒரு பெரியவர் எல்லாவற்றையும் அழகாகக் கையால் எழுதிக் கொண்டுவந்தார். அதை ஜெராக்ஸ் எடுக்காமல் அவர் கையாலேயே கிழிக்கச் சொன்னேன்.

யார் திருடியிருப்பார்கள் என்ற யூகமும் வேண்டாம். "பேங்க் ஆள்தான் கொடுத்திருக்கணும்" என்று எழுதினால் பதில் அந்த வாக்கியத்துக்குத்தான் வரும், பணத்துக்கு வராது. உங்கள் தவறு இல்லை என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. வாடிக்கையாளர் பொறுப்பு என்று சொன்னால் அதை நிரூபிக்க வேண்டியது பேங்க்தான், அதே 2017 விதிகள் அப்படித்தான் சொல்கின்றன.

கடைகளில் அடிப்பவர்கள் கவனத்துக்கு ஒன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அப்படியே மெயிலில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் அடித்து பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள்.

## 6. கொடுக்கும்போது ஒப்புகை வாங்குங்கள்

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் கிளையின் முத்திரை, தேதி, வாங்கியவர் கையெழுத்து மூன்றையும் வாங்குங்கள். "போங்க, பாத்துக்கிறோம்" என்பது ஒப்புகை ஆகாது. முத்திரை கிடைக்கவில்லை என்றால் சண்டை போட வேண்டாம். அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், கிளையின் மெயிலுக்கும் போடுங்கள். மெயில் போன நேரம் தானே பதிவாகிவிடும்.

பல பேங்குகள் தங்கள் சொந்த டிஸ்ப்யூட் ஃபார்மை நிரப்பச் சொல்லும். மறுக்காமல் நிரப்புங்கள். அட்டவணை தயாராக இருப்பதால் ஐந்து நிமிட வேலைதான். ஃபார்மில் இடம் போதாமல் வரிகள் மிஞ்சினால் "இணைத்துள்ள அட்டவணையைப் பார்க்கவும்" என்று எழுதிக் கடிதத்தோடு பின் அடித்துக் கொடுங்கள்.

## 7. நாளை எண்ணுவது

டீச்சர் கணக்கை எண்ணிக் காட்டுகிறேன். எஸ்.எம்.எஸ். வந்த 12-ஆம் தேதியை எண்ணக் கூடாது. 13 வெள்ளி முதல் வேலை நாள். 14 இரண்டாவது சனி, 15 ஞாயிறு, இரண்டும் விடுமுறை. 16 திங்கள் இரண்டாவது, 17 செவ்வாய் மூன்றாவது. அவர் வெள்ளிக்கிழமை மதியமே கிளைக்குப் போயிருக்கிறார், எழுதிக் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். திங்கள்கிழமைதான் கடிதம் கொடுக்க முடிந்தது. இருந்தாலும் 7.20-க்கே ஹெல்ப்லைனில் பதிந்திருந்ததால் கவலை இல்லாமல் இருந்தோம். அந்த வாரம் ஒரு பண்டிகை விடுமுறை வந்திருந்தால் கணக்கு இன்னும் நகரும். உங்கள் கிளை திறந்திருக்கும் நாள்தான் வேலை நாள்.

தெரிவித்த நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் பேங்க் அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். டீச்சருக்கு அது ஜூன் 26. விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், அது செப்டம்பர் 11. இரண்டு தேதியையும் ஒப்புகைப் பிரதியின் மேல் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். தற்காலிக வரவு என்பதால் விசாரணை முடியும் வரை அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். முதலில் பேங்குக்கு எழுதியதற்கான ஆதாரம் அங்கே வேண்டும். முத்திரை போட்ட பிரதியைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகவும்தான்.

ஜூன் 25-ஆம் தேதி டீச்சர் கணக்கில் 17,326 ரூபாய் 50 காசு வரவு வந்தது. "வந்துருச்சு தம்பி" என்று பாஸ்புக்கோடு வந்தார். அட்டவணையை எடுத்து வைத்துப் பார்த்தோம். முதல் நான்கு வரியின் கூட்டுத்தொகை சரியாக இருந்தது, ஐந்தாவது வரி வரவில்லை. அன்றைக்கே இரண்டு வரியில் நினைவூட்டல் அடித்துக் கொடுத்தேன்: "16.06.2025 தேதியிட்ட என் கடிதத்தின் அட்டவணையில் வரி 5-இல் உள்ள ரூ. 715.58 இன்னும் வரவு வைக்கப்படவில்லை. அந்தப் பரிவர்த்தனைகள் என்னுடையவை அல்ல என்று ஏற்றுத் தொகையை வரவு வைத்திருப்பதால், அவற்றுக்கான கட்டணத்தையும் வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்." பழைய கடிதத்தின் நகலைக் கூடவே இணைத்தோம். அடுத்த வாரம் அதுவும் வந்தது.